எட்டு பிட் டிவிக்குப் பத்து பிட் வீடியோ

பேத்தியின் காதணி விழா வீடியோ பென்டிரைவில் வந்திருக்கிறது. ஹாலில் இருக்கும் டிவி வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனது. யூ.எஸ்.பி. துளையில் செருகி, கோப்பைத் தேர்ந்தெடுத்து ஓகே அழுத்தினால் நாதஸ்வரம் கேட்கிறது. தாய்மாமன் யாரையோ கூப்பிடுவது கேட்கிறது. குழந்தை வீறிட்டு அழுவதும் கேட்கிறது. திரை மட்டும் கருப்பாக இருக்கிறது. சில டிவிகள் ஓரத்தில் ‘வீடியோ கோடெக் ஆதரிக்கப்படவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டும். பல டிவிகள் அதையும் காட்டாது.

வீடியோவை அனுப்பிய மகனோ, “எம்பி4 ஆக மாற்றித்தானே அனுப்பினேன், என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறதே” என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். டிவியுடன் வந்த கையேட்டிலும் எம்பி4, எச்.264 இரண்டும் ஓடும் என்றே அச்சிட்டிருக்கிறது. பிறகு ஏன் ஓடவில்லை? இந்த இடத்தில்தான் பலர் டிவி பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள், அல்லது புது டிவிக்கு விலை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். கருப்புத் திரையின் மேல் சத்தத்தின் அளவுகோல் பளிச்சென்று தெரிந்தால் திரைக்கோ அதன் பின்விளக்குக்கோ ஒன்றும் ஆகவில்லை. கோளாறு கோப்பில் இருக்கிறது. அளவுகோலும் தெரியவில்லை, கேபிள் சேனலிலும் சத்தம் மட்டும்தான் வருகிறது என்றால் அது பின்விளக்கோ வேறு பாகமோ பழுதான கதை. அதற்கு மெக்கானிக்தான் வர வேண்டும்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெயரின் கடைசியில் வரும் .mp4 என்பது டிபன் கேரியரைப் போல ஒரு வெளிப்பாத்திரம். உள்ளே படத்துக்கு ஓர் அடுக்கு, ஒலிக்கு ஓர் அடுக்கு எனத் தனித்தனியாக இருக்கும். எந்த அடுக்கில் எதை, எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை வெளிப்பெயர் சொல்லாது. டிவி முதலில் பாத்திரத்தைத் திறக்கிறது. பிறகு ஒலியை ஒரு பகுதிக்கும் படத்தை இன்னொரு பகுதிக்கும் அனுப்புகிறது. ஒலிப் பகுதி தன் வேலையைச் செய்துவிடும். படப் பகுதி தனக்குத் தெரியாத முறையில் சுருக்கிய ஒன்றைக் கண்டால் நின்றுவிடும். ஒன்றுக்காக மற்றது காத்திருப்பதில்லை. அதனால்தான் கோப்பு முழுவதுமாக மறுக்கப்படாமல் பாதி ஓடுகிறது.

இரண்டில் ஏன் எப்போதும் படமே இடறுகிறது என்பது கணக்குப் போட்டால் விளங்கும். முழு எச்.டி. படத்தில் ஒரு சட்டத்துக்கு 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். வழக்கமான முறையில் புள்ளிக்கு ஒன்றரை பைட் வீதம், நொடிக்கு 30 சட்டங்கள் என்றால், சுருக்கத்தை விரித்த பிறகு நொடிக்கு 9 கோடியே 33 லட்சம் பைட் வருகிறது. இரண்டு சேனல் ஒலிக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள். விரித்தால் 1 லட்சத்து 92 ஆயிரம் பைட்தான். கிட்டத்தட்ட 500 மடங்கு வித்தியாசம். ஒலியை டிவியில் உள்ள சின்னக் கணிப்பான் மென்பொருளைக் கொண்டே விரித்துவிடும். படத்தை அப்படி விரிக்கும் பலம் அதற்குக் கிடையாது. எனவே படத்துக்கென்றே சிப்புக்குள் ஒரு தனிச் சுற்றை வடித்து வைக்கிறார்கள். அந்தச் சுற்று தொழிற்சாலையில் என்ன கற்றதோ அதோடு சரி. எச்.265 முறை 2013-ல்தான் தரமாக வெளிவந்தது. அதற்கு முன் வடித்த சிப் அதை அறியாது, எந்த மென்பொருள் புதுப்பிப்பும் அதற்கு அதைக் கற்றுத்தர முடியாது. லேப்டாப்பின் நிலை வேறு. அங்கே வி.எல்.சி. போன்ற ஒரு மென்பொருள் பொதுக் கணிப்பானின் பலத்தைக் கொண்டு எல்லா முறைகளையும் விரித்துவிடும். ‘என் லேப்டாப்பில் ஓடுகிறது’ என்பது டிவியைப் பற்றி எதையும் சொல்லாததற்கு இதுவே காரணம்.

இதுவரை பலருக்குத் தெரிந்திருக்கலாம். புதியது எச்.265, பழையது எச்.264, ஆகவே எச்.264 ஆக மாற்றினால் தீர்ந்தது என்றுதான் வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைகள் சொல்வார்கள். காதணி விழா வீடியோவையும் மகன் அப்படித்தான் மாற்றியிருக்கிறார். எச்.264 ஆகவே மாறியும் இருக்கிறது. ஆனாலும் படம் வரவில்லை. சிக்கல் அந்தப் பெயருக்குள்ளே இன்னும் ஒரு படி கீழே இருக்கிறது.

எச்.264 என்பது ஒரே முறை அன்று. 2003-ல் வெளிவந்தபோதே அதற்குள் சில பிரிவுகள் இருந்தன. அவற்றைப் ‘புரொஃபைல்’ என்பார்கள். அடுத்த இரண்டாண்டுகளுக்குள் மேலும் சில சேர்ந்தன. அவற்றில் ‘ஹை’ என்பதை ப்ளூ-ரே தட்டுகளும் எச்.டி. ஒளிபரப்பும் ஏற்றுக்கொண்டன, டிவிக்குச் சிப் செய்தவர்களும் அதற்கேற்பச் சுற்றை வடித்தார்கள். கூடவே பிறந்த ‘ஹை 10’ தொழில்முறைப் படப்பிடிப்புக்கானது என்று கருதப்பட்டதால் வீட்டு டிவிகளில் இடம்பெறவில்லை. இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஒரே ஓர் எண். ‘ஹை’ ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் நிறத்தையும் 8 பிட்டில் குறிக்கிறது. அதாவது 256 படிகள். ‘ஹை 10’ அதையே 10 பிட் வரை, 1024 படிகளில் குறிக்க வல்லது. அந்தி வானத்தில் ஆரஞ்சு மெல்ல நீலமாக மாறும் இடத்தில் 8 பிட் படம் சில வேளை பட்டை பட்டையாகத் தெரியும். 10 பிட் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் 8 பிட் அகலத்துக்கென்று வடித்த சுற்றில் 10 பிட் எண்ணை நுழைக்க வழியில்லை.

இந்தச் சிக்கல் இன்று முளைத்ததல்ல. 2011 வாக்கில் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களுக்கு வசன வரிகள் சேர்த்து வந்த ரசிகர் குழுக்கள் பல, 10 பிட் எச்.264-க்கு ஒட்டுமொத்தமாக மாறின. கார்ட்டூனில் ஒரே நிறம் விரிந்து கிடக்கும் இடங்கள் அதிகம். பட்டைகள் அங்கேதான் கண்ணை உறுத்தும். கணினியில் பார்த்தவர்களுக்கு அது நல்ல மாற்றம். டிவியோடு மீடியா பிளேயர் பெட்டியை இணைத்துப் பார்த்தவர்களுக்கோ படம் உடைந்தது, அல்லது கருப்பானது. அதற்குப் பின்னும் சிப் செய்பவர்கள் ‘ஹை 10’ பக்கம் அநேகமாகத் திரும்பவில்லை. எச்.265 வந்தபோது 10 பிட்டை அதன் ‘மெயின் 10’ பிரிவில் சேர்த்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான நிலை பிறக்கிறது. 4கே டிவிகள் பலவற்றில் 10 பிட் எச்.265 ஓடும், 10 பிட் எச்.264 ஓடாது. ஆக, போனில் எடுத்த அசல் கோப்பை அப்படியே தந்திருந்தால் சித்தப்பா வீட்டு 4கே டிவியில் படம் வந்திருக்கும். பழைய டிவிக்கென்று மாற்றிய கோப்பு இப்போது இரண்டு வீட்டிலும் ஓடாது.

மகனின் கோப்பில் 10 பிட் எங்கிருந்து வந்தது? போனிலிருந்து. 2020-ல் வந்த ஐபோன் 12 முதல், எச்.டி.ஆர். வீடியோ என்ற வசதி போனிலேயே இயக்கத்தில் வைத்துத் தரப்படுகிறது. அது எடுப்பது 10 பிட் எச்.265. அதை எச்.264 ஆக மாற்ற மகன் பயன்படுத்தியது எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி. கட்டளை ஒரே வரி:

```
ffmpeg -i vizha.mov -c:v libx264 vizha.mp4
```

இந்த வரியில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனால் பிட் எத்தனை இருக்க வேண்டும் என்று இது சொல்லவில்லை. சொல்லாதபோது அந்தக் கருவி, அசலில் உள்ளதை இழக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு 10 பிட்டை 10 பிட்டாகவே வைத்துக்கொள்கிறது. பழைய குறிப்புகளில் இதே வரியை நம்பிக்கையோடு எழுதியிருப்பார்கள். அப்போது அது சரியாகவே வேலை செய்தது. ஏனென்றால் எக்ஸ்264 என்ற சுருக்கும் நிரல் அந்நாளில் 8 பிட்டுக்குத் தனியாகவும் 10 பிட்டுக்குத் தனியாகவும் கட்டப்பட்டது. பெரும்பாலோரிடம் இருந்தது 8 பிட் பதிப்பு. எதைக் கொடுத்தாலும் அது 8 பிட்டாகவே வெளியே தள்ளும். 2017 இறுதியில் இரண்டும் ஒரே நிரலாக இணைந்தன. அதன்பின் அதே கட்டளை, 10 பிட் கோப்பைக் கொடுத்தால் ‘ஹை 10’ கோப்பைத் தருகிறது.

இதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் வீடியோ பகுதியில் நீண்ட பட்டியல் வரும். அதில் பார்க்க வேண்டியவை சில வரிகள்தான். இந்த விழாக் கோப்பில் அவை இப்படி இருக்கும்:

```
Format          : AVC
Format profile  : High 10@L4
Width           : 1 080 pixels
Height          : 1 920 pixels
Bit depth       : 10 bits
```

AVC என்பது எச்.264-இன் இன்னொரு பெயர், அதில் குறையில்லை. High என்று மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் High 10 என்றும், 8 இருக்க வேண்டிய இடத்தில் 10 என்றும் இருப்பதுதான் கருப்புத் திரைக்குக் காரணம். முதல் வரியிலேயே HEVC என்று இருந்தால் கோப்பு எச்.265 ஆகவே இருக்கிறது, மாறவே இல்லை என்று பொருள். அப்படியும் நடக்கும். சில மாற்றிகள் .mov பாத்திரத்தில் இருப்பதை அள்ளி .mp4 பாத்திரத்தில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும். பத்து நிமிட வீடியோ ஓரிரு நொடியில் ‘மாறிவிட்டது’ என்றால் அங்கே உண்மையான மாற்றம் நடக்கவில்லை என்று அப்போதே சந்தேகிக்கலாம். படத்தை விரித்து மறுபடி சுருக்குவது கணினிக்குக் கடினமான வேலை. விசிறி சத்தம் போடும், நேரம் பிடிக்கும்.

அகலம், உயரம் இரண்டையும் கவனிக்க வேண்டும். போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த வீடியோ இது. ஐபோன் இதை உண்மையில் 1920 × 1080 என்று படுக்கையாகவே சேமித்து, ‘காட்டும்போது திருப்பிக்கொள்’ என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்த்து வைக்கிறது. எஃப்எஃப்எம்பெக் அந்தக் குறிப்பைப் படித்து, படத்தையே நிமிர்த்தி 1080 × 1920 ஆக எழுதுகிறது. புள்ளிகளின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் பழைய டிவிகள் பலவற்றின் சுற்று உயரத்தில் 1080-ஐத் தாண்டிய படத்தை ஏற்காது. பிட் கணக்கைச் சரிசெய்த பிறகும் கருப்பாகவே இருக்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பார்க்க மறப்பது இந்த உயரத்தைத்தான்.

இரண்டையும் ஒரே கட்டளையில் சரிசெய்யலாம். மாற்றிய கோப்பிலிருந்து அல்லாமல், போனிலிருந்து வந்த அசல் கோப்பிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். சுருக்கியதை மறுபடி சுருக்கினால் தரம் குறையும்.

```
ffmpeg -i vizha.mov -vf scale=-2:1080 -c:v libx264 -pix_fmt yuv420p -profile:v high -level 4.1 -c:a aac -t 30 vizha-tv.mp4
```

இதில் உயிரான பகுதி `-pix_fmt yuv420p`. படத்தை 8 பிட்டாக எழுது என்பதே அதன் பொருள். `scale=-2:1080` உயரத்தை 1080-க்குள் அடக்குகிறது. அகலம் அதற்கேற்பத் தானே குறையும். 4கே வீடியோவாக இருந்தாலும் இதே பகுதி அதை முழு எச்.டி.க்கு இறக்கிவிடும். `-level 4.1` என்பது ப்ளூ-ரே காலத்து எல்லை, அந்நாளைய எச்.டி. டிவிகள் பெரும்பாலும் அதற்கு இணங்கும். நொடிக்கு 60 சட்டங்களில் எடுத்த வீடியோ என்றால் அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்பதால் `-r 30` என்பதையும் சேர்க்க வேண்டும். `-t 30` முதல் முப்பது நொடியை மட்டும் மாற்றும். அந்தத் துண்டை டிவியில் போட்டுப் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு அதை நீக்கி முழுவதையும் மாற்றுவது நல்லது. இரண்டு மணி நேர விழா வீடியோவை இரவெல்லாம் மாற்றிவிட்டுக் காலையில் கருப்புத் திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

கட்டளை தட்டச்சு செய்யத் தயங்குபவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் Fast 1080p30 என்ற முன்னமைப்பைத் தேர்ந்தெடுத்து, Video பக்கத்தில் H.264 (x264) என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதே பட்டியலில் 10-bit என்று சேர்த்து எழுதிய எச்.264-உம் இருக்கும். எண் பெரிதாக இருப்பதால் அது மேல் என்று நினைத்துத் தொட்டால் சிக்கல் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். Dimensions பக்கத்தில் உயரம் 1080-க்கு மேல் போகவில்லை என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன் வீடியோவில் மட்டும் இது நடப்பதில்லை. அறுபதாம் கல்யாணத்துக்குப் பழைய புகைப்படங்களைக் கோத்துப் பாட்டோடு வீடியோ செய்கிறவர்களும், கணினித் திரையைப் பதிவுசெய்கிறவர்களும் இதே கருப்புத் திரையைச் சந்திப்பதுண்டு. அங்கே மாறுவது பிட் அன்று, நிறத்தின் அளவு. மனிதக் கண் ஒளியை நுணுக்கமாகப் பார்க்கும், நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் டிவிக்கான வீடியோவில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறக் குறிப்புதான் வைப்பார்கள். சில வகைப் புகைப்படக் கோப்புகளிலும் திரைப் பதிவிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நிறக் குறிப்பு இருக்கும். மாற்றும் கருவி அதையும் இழக்க மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டால், மீடியாஇன்ஃபோவில் High 4:4:4 Predictive என்று தெரியும். வீட்டு டிவிகள் அதையும் ஏற்பதில்லை. மருந்து அதே `yuv420p`தான். அந்தப் பெயரில் உள்ள 420, நான்குக்கு ஒன்று என்ற அந்த நிறக் கணக்கைக் குறிக்கிறது.

ஒரு குழப்பம் பல வீடுகளில் எழுவது. “வாட்ஸ்ஆப்பில் வந்த அதே வீடியோ டிவியில் ஓடுகிறதே, பென்டிரைவில் வந்தது ஏன் ஓடவில்லை?” வீடியோவாக அனுப்பும்போது வாட்ஸ்ஆப் அதைச் சிறிதாக்கி, பெரும்பாலும் சாதாரண 8 பிட் எச்.264 ஆக மாற்றிவிடுகிறது. படம் மங்கலாக இருந்தாலும் எந்த டிவியிலும் ஓடும். அதையே டாக்குமென்டாக அனுப்பினால் மாற்றாமல் அசலையே கொண்டுசேர்க்கும். அது பழைய டிவியில் ஓடாது.

மாற்றி முடித்துப் படம் வந்த பிறகு இன்னொரு குறை தெரியக்கூடும். பட்டுப்புடவையின் சிவப்பும் மாலையின் மஞ்சளும் வெளுத்தாற்போல இருக்கும். எச்.டி.ஆர். படத்தின் நிறங்கள் பழைய டிவி காட்டக்கூடியதைவிடப் பரந்த வரம்பில் எழுதப்பட்டவை. பிட்டைக் குறைத்தால் மட்டும் அவை டிவியின் வரம்புக்குள் சரியாக வந்து அமர்ந்துவிடா. அதற்கென்று நிறத்தை மறுகணக்கிடும் வழிகள் கருவிகளில் உண்டு என்றாலும் அவை நுட்பமானவை, வீட்டில் செய்வதற்குப் பொறுமை வேண்டும். அடுத்த விழாவுக்கு எளிய வழி, எடுக்கும்போதே டிவிக்கு ஏற்றபடி எடுப்பது. ஐபோனில் Settings, அதில் Camera, அதில் Record Video போய் HDR Video என்பதை அணைத்துவிடலாம்; Formats என்ற இடத்தில் Most Compatible என்று வைத்தால் போனே எச்.264-இல் எடுக்கும். ஆப்பிளின் கணக்குப்படி முழு எச்.டி. ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி பிடித்தது 130 எம்பி ஆகும். போனில் இடம் இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிவியை விடவும் பழைய கருவி சில வீடுகளில் இன்னும் உழைக்கிறது: யூ.எஸ்.பி. துளை உள்ள டிவிடி பிளேயர். அதற்கு எச்.264-ஏ தெரியாது, 8 பிட், 10 பிட் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதன் முகப்பில் ‘டிவ்எக்ஸ்’ என்ற முத்திரை இருந்தால் அதற்குப் புரிவது எம்பெக்-4-இன் முந்தைய தலைமுறை. அளவும் 720 × 576-க்குள் இருக்க வேண்டும், பாத்திரம் .avi ஆக இருக்க வேண்டும், ஒலி எம்பி3 ஆக இருக்க வேண்டும். படுக்கையாக எடுத்த வீடியோவுக்கான கட்டளை இது:

```
ffmpeg -i vizha.mov -vf scale=720:-2 -pix_fmt yuv420p -c:v mpeg4 -vtag xvid -q:v 4 -c:a libmp3lame vizha.avi
```

செங்குத்தாக எடுத்ததென்றால் `scale=720:-2` என்ற இடத்தில் `scale=-2:576` என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் உயரம் 1280 ஆகிப் படம் மறுபடி காணாமல் போகும். `-vtag xvid` என்பது கோப்பின் தலைப்பில் எழுதும் ஒரு பெயர் மட்டுமே, படத்தை அது தொடுவதில்லை. ஆனால் பிளேயர்கள் சில அந்தப் பெயரைப் பார்த்துத்தான் படத்தை விரிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கின்றன. பெயர் இல்லாமல் போனால், விரிக்கத் தெரிந்த படத்தையே அவை ஒதுக்கிவிட்டு ஒலியை மட்டும் பாடவிடும்.